‘ஆனா’வுக்கு முன்னால்

என் நாத்தனாரிடம் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகக் காலையில் பல் தேய்க்கும்போதே கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். வீட்டில் என்றால் பட்டென்று சொல்லிவிடலாம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும். போன முறை சமையலறை அலமாரியை இடம் மாற்றலாம் என்றாள், நான் முடியாது என்றேன். அதன் பிறகு வெகுநாளைக்குத் தன் மகள் வழியாகத்தான் என்னிடம் பேசினாள். “அத்தைகிட்ட உப்பு போதுமான்னு கேளுடி” என்பாள். நான் பக்கத்தில் அதே அடுப்பில்தான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருப்பேன்.

இது வீட்டு விஷயம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, கட்டி, நீராவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்கி அனுப்புகிற பிரிவுக்கு நான் பொறுப்பாளர். அவள் அங்கே என் கீழ் வேலை பார்க்கிறாள். கல்யாண வாழ்க்கை கசந்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு, வந்தவள். இந்த வேலைதான் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதுவும் இன்னும் தற்காலிகம்தான். அந்த வாரக் கடைசியில் மேட்ரன் கூப்பிட்டு நிரந்தரம் செய்வதாக இருந்தார். பிரிவில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். காலில் சக்கரம் கட்டினவள், நிற்கவே மாட்டாள். வேலை இடத்தில் என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவாள். ‘அண்ணி’ என்பது வாசலோடு சரி.

அவள் யோசனை இதுதான். எங்களிடம் இடுப்பு மூட்டு மாற்றுகிற ஆபரேஷனுக்கான கருவி செட் இருக்கிறது. இரும்புக்கடையைப் பெட்டியில் அடைத்த மாதிரி கனம். அவ்வளவு இரும்பு ஒரே இடத்தில் இருந்தால் ஆவி அதில் பட்டுத் தண்ணீராக இறங்கும், உலராது. மெஷினைத் திறந்தால் பெட்டியைச் சுற்றிக் கட்டின துணி ஈரமாக இருக்கும். ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போய்விடும், அதனால் ஈரமாக வந்த பெட்டி எங்களுக்குக் குப்பைக்குச் சமம். பிரித்து, மறுபடி முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். “ஒரு செட்டை ரெண்டு பெட்டியா பிரிச்சா என்ன மேடம்? கனமும் குறையும், ஈரமும் நிக்காது” என்று முந்தின நாள் நடைபாதையில் என்னை மறித்துக் கேட்டாள்.

நல்ல யோசனை, சந்தேகமே இல்லை. நான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அவளுக்கு மாலை வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. நடைபாதையில் நிற்க வைத்து முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. “பிரமாதம். இதத்தான் நாம பண்ணணும். நாளைக்கு மீட்டிங்ல உன் பேரச் சொல்லியே பேசறேன்” என்றேன். முகம் பூரித்துப் போனாள். ‘ஆனா’ என்று ஆரம்பிக்கிற மீதிப் பாதியை மறுநாளைக்கு என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

இந்த முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மேட்ரன். யார் யோசனை என்று முதலில் சொல், அதில் என்ன நல்லது என்று சொல், பிறகு ஏன் இப்போது முடியாது என்று சொல், எப்போது முடியும் என்றும் சொல். ஆள் நோகாமல் ஊசி போடுகிற வித்தை. பிரிவில் இதற்காக எனக்கு நல்ல பெயர்கூட உண்டு. “மேடம் வேணாம்னு சொன்னாகூட வீட்டுக்குப் போய்த்தான் வலிக்கும்” என்பான் மெஷின் ஓட்டுகிற பாய்லர். அவனுக்கு அந்தப் பெயர் வேலையால் வந்ததா, கோபத்தால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை கூட்டம். பொட்டலம் கட்டுகிற அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, நாலைந்து ஸ்டூல். கூட்டத்தில் போன் கூடாது என்பது நான் போட்ட சட்டம். எல்லோருடையதும் வெளியே ஒரு தட்டில் கிடக்கும். எக்ஸ்பிரஸ் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தாள். ராத்திரி அவள் வரும்போது நான் தூங்கிவிட்டிருந்தேன், காலையில் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டாள், அதனால் பேசிக்கொள்ளவே இல்லை. நல்ல புடவை கட்டியிருந்தாள். ஏதோ பரிசு வாங்க வந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாவம், ஏமாறப் போகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது.

நான் ஆரம்பித்தேன். “இடுப்பு செட் பத்தி ஒரு யோசனை வந்திருக்கு. முழுக்க முழுக்க இவங்களோடது. இத்தனை வருஷமா நாம எல்லாரும் அந்தப் பெட்டியத் தூக்கி முதுகு வலின்னு பொலம்பியிருக்கோம். ஏன் ஒரே பெட்டியா இருக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. இவங்களுக்குத் தோணிச்சு. பிரிச்சா ஈரம் நிக்காது, முதுகும் தப்பிக்கும்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பாய்லர் மேஜையைத் தட்டினான். அவள் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். “முடிச்சுடறேன்” என்றேன்.

அந்த நேரத்தில் பக்கத்து அறையில் சுவர் போன் அடித்தது. பாய்லர் எழுந்தான். நான் முறைத்தேன். உட்கார்ந்தான். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

“ஆனா, இத இப்ப பண்ண முடியாது. ஏன்னு சொல்றேன். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்கிட்ட இருக்கற கருவிப் பட்டியல் ஒரே பெட்டிக்கு எழுதினது. பெட்டிய மாடிக்கு எடுத்துட்டுப் போறவனுக்கும் ஒரு பெட்டிதான் பழக்கம். ரெண்டா இருக்குன்னு அவங்க எல்லாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி நாம பிரிச்சா, ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண விட்டுட்டுப் போயிடுவாங்க. அங்க ஆளு மயக்கத்துல படுத்திருப்பாரு, இங்க பாதி செட் அலமாரியில இருக்கும். அதுக்கும் மேல, பிரிச்ச பெட்டிய நம்ம மெஷின்ல ஓட்டி சோதிச்சுப் பாக்கணும். நமக்கு வரப்போற புது தியேட்டர் திறக்கட்டும். அப்பறம் அவங்களையும் கூப்பிட்டு உக்காந்து செய்யலாம். இது இவங்க பேர்லதான் நடக்கும்.”

எனக்கே என்மேல் ஒரு திருப்தி வந்தது. வலிக்காமல் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவளைப் பார்த்தேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கோபம் என்று நினைத்தேன். இல்லை. அவள் கண் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, போன் அடித்த பக்கத்தை.

“அண்ணி” என்றாள்.

அந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்னம்மா?”

“நேத்து சாயங்காலம் அந்த செட் ஈரமா வந்துச்சு. மறுபடி போட்டேன், மறுபடியும் ஈரம். காலைல முதல் கேஸே அதுக்குத்தான். இன்னொரு செட்டுதான் ரிப்பேருக்குப் போயிருக்கே. நீங்கதான் பிரமாதம், இதத்தான் பண்ணணும்னு சொன்னீங்களே. அதான்…”

“அதான்?”

“பிரிச்சுட்டேன் அண்ணி. ரெண்டு பெட்டியா. நல்லா காஞ்சு வந்துச்சு. உங்களுக்கு மீட்டிங்ல சொல்லலாம்னுதான் வெச்சிருந்தேன்.”

அப்போது போன் மறுபடி அடித்தது. இந்த முறை பாய்லர் என் முகத்தைப் பார்க்காமல் ஓடினான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது. “ஆமா. ஆமா சிஸ்டர். இருங்க.” பிறகு திரும்பி வந்து வாசலில் நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“மூணாவது தியேட்டர். மயக்கம் குடுத்தாச்சாம். இன்னும் கத்தி வைக்கல. பெட்டியத் திறந்து எண்ணிப் பாத்தா பாதி கருவி இல்லையாம். முன்னாடியே கூப்பிட்டாங்களாம்.”

நான் வாயால் சொன்னது ஒவ்வொன்றும், நான் சொல்லிக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில், மாடியில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அதைச் சொல்ல வந்த போனைத்தான் நான் முறைத்து வாயை அடைத்திருக்கிறேன்.

“இன்னொரு பெட்டி எங்க?”

“கீழ் அலமாரியில. மேல இடம் இல்ல. எடுக்க வர்ற அண்ணன்கிட்ட ரெண்டு இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனேன்.”

அந்த அண்ணன் விடியும்போது வேலை முடிந்து போயிருப்பான். காலையில் வந்தவன் வேறு ஆள். அவனுக்கு ஒரு பெட்டிதான் பழக்கம். இதையும் நான்தான் அழகாக விளக்கிச் சொல்லியிருந்தேன்.

எக்ஸ்பிரஸ் எனக்கு முன்னால் ஓடினாள். அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தாள். துணி காய்ந்து மொடமொடவென்று இருந்தது, கட்டு கச்சிதம், வெளியே ஒட்டின டேப்பில் கோடு கறுத்து வந்திருந்தது. குறை சொல்ல முடியாத கட்டு. லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியில் ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. இன்னும் கத்தி வைக்கவில்லை, பெட்டி கையில் இருக்கிறது, கொடுத்துவிட்டால் தாமதத்தோடு போய்விடும். திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பாதிப் படியில் எனக்கு ஒன்று உறைத்தது. கேட்காமல் இருந்திருக்கலாமே என்றுகூட இன்றைக்கும் சில சமயம் தோன்றுகிறது.

“உள்ள பட்டை வெச்சியா?”

பட்டை என்பது விரல் நீளக் காகிதம். ஒவ்வொரு செட்டுக்குள்ளும் கருவிகளுக்கு நடுவில் ஒன்று வைப்போம். ஆவி உள்ளே வரைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அதன் நிறம் மாறும். வெளியே ஒட்டின டேப், பெட்டி மெஷினுக்குள் போய் வந்தது என்று மட்டும் சொல்லும். தியேட்டர் நர்ஸ் பெட்டியைத் திறந்ததும் முதலில் தேடுவது அந்தப் பட்டையைத்தான். அது இல்லாவிட்டால் அந்தப் பெட்டியில் எது இருந்தாலும் நோயாளி மேல் படக் கூடாது.

“வெச்சேனே. செட்டுக்கு ஒண்ணு” என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு படி ஏறினாள். அடுத்த படியில் நின்றுவிட்டாள்.

“எந்தப் பெட்டில?”

அவள் கையிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள். செட்டுக்கு ஒரு பட்டை. எங்கள் எல்லோருக்கும் கையில் ஊறிய பழக்கம் அது. தூக்கத்தில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். ஒரு செட் இரண்டு பெட்டியானது அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பட்டை, ஏற்கனவே மாடிக்குப் போன பெட்டியில் இருந்தது.

அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெட்டியை மடியில் வைத்திருந்தாள். “வெளிய டேப் மாறியிருக்கே அண்ணி. ரெண்டும் மெஷின்ல ஒண்ணா ஓட்டின ஒரே லோடுதானே அண்ணி” என்றாள். அது போதாது என்பது அவளுக்கே தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான்.

எனக்கு ஒரு கேவலமான எண்ணம் வந்தது, மறைப்பானேன். கீழே போய்ப் பெட்டியைப் பிரித்து, பழைய லோடில் நிறம் மாறின பட்டை ஒன்றை உள்ளே செருகிக் கட்டிவிடலாம் என்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் எனக்கே குமட்டியது. பெட்டியை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு நான் மட்டும் மேலே போனேன். தியேட்டர் வாசலில் நின்ற நர்ஸிடம், “இது மீதிப் பெட்டி. உள்ள பட்டை இல்ல. உபயோகிக்க முடியாது” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன் என்று எனக்கும் தெரியவில்லை.

மறுபடி கட்டி, ஓட்டி, உலர்த்தி, ஆற வைத்துக் கொண்டுவருகிற வரைக்கும் ஒரு வயசான ஆளை மயக்கத்தில் படுக்க வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை எழுப்பினார்கள். நான் நடைபாதையில் நிற்கும்போதே வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். காத்திருந்த அவர் மகள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். “அதுக்குள்ள முடிஞ்சுதாம்மா?” என்று என்னிடம் கேட்டாள். என் உடுப்பைப் பார்த்து நர்ஸ் என்று நினைத்திருப்பாள். அந்த மனிதர் அரைமயக்கத்தில் காலைத் தடவிப் பார்த்தார். “டாக்டர் வந்து சொல்லுவாரும்மா” என்றேன்.

மேட்ரன் மதியம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் அவள் பக்கம் சாய்ந்து சொன்னேன். “கேளு. நான்தான் பிரிக்கச் சொன்னேன்னு சொல்லிடறேன். எனக்குத் திட்டோட போயிடும். நீ வாயத் திறக்காத.”

“வேணாம் அண்ணி” என்றாள். உடனே சொன்னாள். பிறகு, “நீங்க எனக்காகத்தான் சொல்றீங்கன்னு தெரியுது. உங்களத் தவிர யாரும் எனக்காக இப்படி யோசிக்கக்கூட மாட்டாங்க. ஆனா முதல்லயே சொல்லிடறேன், வேணாம்” என்றாள்.

எனக்கு யாரோ கன்னத்தில் வைத்த மாதிரி இருந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. என் பாடத்தைத்தான் சொன்னாள். என்ன, வரிசையை மாற்றிவிட்டாள்.

மேட்ரன் முன்னால் அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அடுத்து நான் சொன்னேன். நடைபாதையில் பிரமாதம் என்று சொல்லிவிட்டு, ‘இப்ப வேணாம்’ என்பதை மறுநாளைக்கு எடுத்து வைத்தேன் என்று சொன்னேன். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தபடியே அவளைப் பார்த்து ஆரம்பித்தார். “உன்ன மாதிரி வேலை தெரிஞ்ச பொண்ணு இந்தப் பிரிவுக்குக் கிடைச்சது பெரிய விஷயம். உன் கட்டு மாதிரி ஒரு கட்டு நான்…”

“மேடம்” என்றாள் அவள். “தப்பா நினைக்காதீங்க. முடிவ முதல்ல சொல்லிடுங்க. நல்லத அப்பறம் கேட்டுக்கறேன்.”

மேட்ரனை யாரும் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நிரந்தரம் இப்ப இல்ல” என்றார்.

“சரி மேடம்.”

“நோயாளி ஒருத்தருக்கு வீணா மயக்கம் குடுத்து எழுப்பியிருக்கோம். இந்த வாரமே உனக்கு நிரந்தரம்னு நான் கையெழுத்துப் போட முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். தேதிய இப்பவே குறிச்சு வெக்கறேன்.” குறித்தும் வைத்தார். எனக்கும் கிடைக்க வேண்டியது கிடைத்தது. கூட்டத்தில் போன் எடுக்கக் கூடாது என்ற சட்டம் அன்றோடு ஒழிந்தது.

கீழே வந்தோம். இரண்டு பெட்டியும் கழுவுகிற மேஜைக்குத் திரும்பி வந்திருந்தன. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, கவுன் மாட்டி, கருவிகளைக் கழுவி, பூதக் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, பழையபடி ஒரே பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். பட்டையை நடுவில் வைத்தாள். கை ஒரு கணம் அங்கேயே நின்றது.

தூக்கும்போது பெட்டியின் மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். முதுகு சுளீரென்றது.

“அண்ணி, புது தியேட்டர் எப்ப திறக்கறாங்க?”

“யாருக்குத் தெரியும். கட்டடமே இன்னும் முடியல.”

“அப்ப நீங்க காலைல சொன்னது?”

“எது?”

“புது தியேட்டர் திறக்கட்டும், அப்பறம் செய்யலாம்னு சொன்னீங்களே. அது எப்பன்னு உங்களுக்கே தெரியாதுன்னா, அது ‘இப்ப முடியாது’ இல்லையே. ‘முடியாது’தானே?”

பெட்டி எங்கள் இரண்டு பேர் கையிலும் அப்படியே நின்றது. காலையிலிருந்து எத்தனையோ அடி வாங்கியிருந்தேன். இதுதான் எலும்பில் பட்டது. அவள் பேரைச் சொன்னேன், புகழ்ந்தேன், காரணம் சொன்னேன், அத்தனையும் உண்மை. எப்போது என்பது மட்டும் பொய். அதை நான் பொய் என்றே நினைத்திருக்கவில்லை.

பெட்டியை மெஷின் தட்டில் வைத்தோம். பாய்லர் கதவை மூடினான். நான் சுவர் போனுக்குப் போய், மெஷின் சோதனை செய்கிற கம்பெனிக்கு அடித்தேன். அதை வைத்துவிட்டு மூணாவது தியேட்டரைக் கூப்பிட்டு, பட்டியலை மாற்றி எழுத எந்த நாள் உட்காரலாம் என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வசவு. கேட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரு நாள் சொன்னார்கள்.

திரும்பி வந்து அவளிடம் அந்தத் தேதியைச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவள் தலையை ஆட்டினாள். “உப்பு வாங்கணும் அண்ணி, வீட்ல தீந்துடுச்சு” என்றாள், என்னிடமே, நேராக.